பாவாத்தாளின் தண்ணீர்ப் பானை

சிங்காநல்லூர் மில் லைன் வீடுகளில் தெய்வாத்தாளைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவள் சமையலைச் சொல்வார்கள், அப்புறம் அவளுடைய வயிற்றெரிச்சலைச் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். நான் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர், அதுவும் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றுபோன சுவர். அவள் தாளிப்பதும் எனக்கு வரும், புருஷனைத் தாளிப்பதும் எனக்கு வரும். ஆகையால் நான் சொல்வதில் பாதிக்குமேல் காதால் கேட்டது, மீதி அவளே வந்து சொன்னது. அவளுக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொண்டாள், அதுதான் அவளைக் கவிழ்த்தது.

அவளும் அவள் புருஷன் அரங்கசாமியும் சூலூருக்குத் தெற்கே மானாவாரி பூமியிலிருந்து வந்தவர்கள். மழை பொய்த்து, பங்காளிகள் பிரித்து, கைக்கு வந்த காட்டில் கள்ளிதான் தழைத்தது. அப்போது கோயமுத்தூரைச் சுற்றி வருஷத்துக்கு ஒரு புகைபோக்கி முளைத்துக்கொண்டிருந்தது. ஏர் பிடித்தவர்களெல்லாம் சங்கு ஊதினால் ஓடுகிறவர்களாக மாறிய காலம். அரங்கசாமிக்கு ஒரு மில்லில் கார்டிங்கில் வேலை கிடைத்தது. பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவுகிற இடம் அது. உள்ளே போய் வந்தவர்களுக்குத் தலை, புருவம், மூக்கு மயிர் எல்லாம் பஞ்சுத்தூசியில் நரைத்துப் போயிருக்கும். புழுக்கம் சொல்லி முடியாது. முதல் தடவை அவன் வேலை முடிந்து வந்தபோது தெய்வாத்தாள் யாரோ கிழவன் வீடு மாறி வந்துவிட்டான் என்று கதவைச் சாத்திவிட்டாள்.

ஊரில் இருந்தவரை அவர்களுக்குக் கம்மங்கூழும் ராகிக்களியும் சோளச்சோறும்தான். காட்டுக்குப் போகிறவனுக்குக் கூழைக் கரைத்து, மோரோ புளித்த நீரோ விட்டு, ஒரு கலயம் நிறையக் கொடுத்தனுப்புவார்கள். நெல்லஞ்சோறு என்பது நோம்பி, பண்டிகைக்கும் விருந்தாளிக்கும். மில்லுக்கு வந்து கையில் சம்பளம் புரண்டதும் தெய்வாத்தாள் செய்த முதல் காரியம், கம்பையும் கலயத்தையும் பரண்மேல் ஏற்றியது. தன் புருஷன் இனிமேல் கூழ் குடிக்க மாட்டான் என்று லைனுக்கே கேட்கச் சொன்னாள். விடிவதற்குள் எழுந்து நெல்லஞ்சோறு வடித்து, பருப்புக் கடைந்து, சோறு உதிரி உதிரியாக நிற்கும்படி நெய்யில் புரட்டி, ஒரு பொரியலும் ஊறுகாயும் வைத்துத் தூக்குப் போசியில் கட்டுவாள். மத்தியான மணிக்கு அவன் போசியைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்ப்பான். அந்த எட்டிப் பார்வைக்காகத்தான் அவள் அவ்வளவு பாடுபட்டாள். குழம்பைத் தனியாக ஊற்றிக் கொடுத்தால் சிந்திவிடும், பார்க்க நன்றாக இருக்காது என்று அதையும் நிறுத்திவிட்டாள்.

அவன் நன்றாகத்தான் சாப்பிட்டான். போசி வழித்துத் துடைத்தாற்போல் வரும். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்க மாட்டான். இரண்டு வாய் உண்டுவிட்டுப் போதும் என்று எழுந்துவிடுவான். ஒரு நாள் சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்து கடலைத்தோல் கொட்டியது. வறுத்த நிலக்கடலையின் செந்தோல். அன்றைக்கு ஆரம்பித்தது.

கேட்டதற்கு அவன் ஒளிக்கவில்லை. சாயங்காலச் சங்கு ஊதும்போது பசி குடலைப் பிடுங்குகிறது, மில் கேட்டிலேயே எதையாவது வாங்கிப் போட்டுக்கொண்டால்தான் வீடு வரைக்கும் கால் வருகிறது என்றான். புருஷன் பசிக்கிறது என்று சொல்வதில் என்ன தப்பு இருக்கிறது? தெய்வாத்தாளுக்கு அது தன் கையைப் பற்றிய பழியாகக் கேட்டது. அதைவிட, கேட்டில் கடலை விற்பவள் பாவாத்தாள்.

பாவாத்தாளை நான் குறை சொல்லப் போவதில்லை, குறை சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. சின்ன வயதில் தாலி அறுத்தவள். மில் கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு கோணியை விரித்து, உப்புக்கடலை, காரம் போட்ட சுண்டல், மாங்காய் வற்றல் என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதுகுக்குப் பின்னால் ஈரத்துணி சுற்றிய ஒரு பெரிய பானை. அதில் இருந்தது நல்ல தண்ணீர். கோயமுத்தூர் டவுனுக்குச் சிறுவாணித் தண்ணீர் வந்து குழாயில் கொட்டிக்கொண்டிருந்தது, எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. லைன் கிணறும் மில் தொட்டியும் உப்பு. வாயில் வைத்தால் முகம் தானாகச் சுளிக்கும். பாவாத்தாள் விடியற்காலையில் எங்கோ ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து இடுப்பில் சுமந்து கொண்டுவருவாள். ஒரு செம்பால் எடுத்து, உயரத் தூக்கி, ஏந்திய கையில் ஊற்றுவாள். அதற்குக் காசு கிடையாது.

அவள் கறுப்பு, மெலிசு, சிரித்தால் ஒரு பல் சாய்ந்து தெரியும். தெய்வாத்தாள் அந்தப் பல்லைப் பற்றியே என்னிடம் ஒரு பொழுது முழுக்கப் பேசியிருக்கிறாள்.

பேசியதோடு விடவில்லை, போட்டிக்கு இறங்கினாள். காலையில் இன்னொரு கரண்டிச் சோறு கூட்டினாள். பருப்பில் நெய்யைக் கூட்டினாள். சங்கு ஊதும் வேளைக்கு வாயில் போட்டுக்கொள்ளட்டும் என்று முறுக்கும், உப்பு தூக்கலாகப் பொட்டுக்கடலையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். பலன் என்ன? அவன் அதையும் தின்றான், கேட்டில் கடலையும் தின்றான். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். இங்கே உப்புக் கொடுத்தவள் ஒருத்தி, தண்ணீர் கொடுத்தவள் இன்னொருத்தி. அது அப்போது எங்கள் இருவருக்கும் புரியவில்லை.

கூடக் கூடப் போட்டும் பசிக்கிறது என்றால் அது வயிற்றுப் பசியாக இருக்க முடியாது என்று தெய்வாத்தாள் முடிவு கட்டினாள். அவள் அழுததும் எனக்குக் கேட்டது. அழுகைக்கு நடுவே, அந்த முண்டை எதையோ கலந்து கொடுக்கிறாள் என்றும் கேட்டது.

சித்திரை மாசம் ஒரு நாள், மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு, கேட்டுக்குப் போய் ஒளிந்து பார்ப்பது என்று கிளம்பினாள். யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்று முக்காடு போட்டிருந்தாள். கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பாழடைந்த வண்டிப்பேட்டைச் சுவர் இருந்தது. அதன் துண்டு நிழலில் உட்கார்ந்தாள். நிழல் அவளை விட்டுவிட்டு நகர்ந்தது, அவளும் பின்னாலேயே நகர்ந்தாள். புருஷன் வரச் சாயங்காலம் ஆகும். முன்னாலேயே வந்து இடம் பிடிக்காவிட்டால் ஏதோ தப்பிப்போய்விடும் என்று அவளுக்குப் பயம். ஆத்திரக்காரிக்குக் கடிகாரம் ஏது.

வெயில் இறங்குவதற்குள் அவளுக்குப் பசித்துவிட்டது. சாதாரணப் பசி இல்லை. தலை கனத்தது, யாரைப் பார்த்தாலும் கடிக்கலாம்போல் எரிச்சல் வந்தது. மத்தியானம் உண்ட சோறும் பருப்பும் எங்கே போயின என்று அவளுக்கே ஆச்சரியம். எதிரே உப்புக்கடலை வாசனை. வைராக்கியம் கொஞ்ச நேரம் நின்றது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்கிறபோது முக்காடு எம்மாத்திரம். யாரை வேவு பார்க்க வந்தாளோ, அவளிடமே போய்க் கையை நீட்டினாள்.

பாவாத்தாளுக்கு அவளைத் தெரியாது. ஒரு கை கடலையைச் சுற்றிக் கொடுத்தாள். தெய்வாத்தாள் தின்றாள், பசி அடங்கவில்லை, கூடிற்று. இன்னொரு கை வாங்கினாள். அதுவும் போயிற்று, பசி அப்படியே நின்றது. அப்போது அங்கே இன்னொருவர், வண்டிக்காரர், வந்து முதலில் கொஞ்சம் தண்ணீர் என்று கேட்டார். பாவாத்தாள் செம்பைத் தொடவில்லை.

“ஏதாச்சும் கடிச்சுப்போட்டுக் குடிங்க. வெறும் வயித்துல தண்ணி உட்டா வயித்தைப் புடிக்குமுங்க.”

அவர் சுண்டல் வாங்கித் தின்றார். அதற்கப்புறம்தான் பானை திறந்தது. தெய்வாத்தாளுக்கும் அப்போதுதான் ஊற்றினாள். ஏந்திய கை வலிக்கிற வரைக்கும் குடித்தாள். சுவருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆவதற்குள் பசி போய்விட்டது. கடலை இரண்டு கை செய்யாததைத் தண்ணீர் செய்துவிட்டது. தலைக்கனமும் போயிற்று, கடிக்க வேண்டும் என்ற எரிச்சலும் போயிற்று, பாவாத்தாள்மேல் இருந்ததைத் தவிர.

அன்று புருஷனைப் பார்க்கவே அவள் காத்திருக்கவில்லை. நேராக என்னிடம் வந்து நின்றாள். அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது.

“அக்கா, அது பசியே இல்லைங்க. தண்ணித் தவிப்பு. பசி வேசம் போட்டுக்கிட்டு வருது.”

நான் முதலில் நம்பவில்லை. தாகம் எடுத்தால் நாக்கு வறளாதா என்று கேட்டேன். வெற்றிலை வாயில் கிடந்ததால் நாக்கு ஈரமாகத்தான் இருந்தது என்றாள். நன்றாக வறண்டுபோனால் நாக்கு சொல்லிவிடும். உடம்பு லேசாக வற்றும்போது அது நாக்கில் சொல்வதில்லை, ஒரு சோர்வாக, ஒரு வெறுமையாக வயிற்றில் வந்து தட்டுகிறது. எங்கள் இரண்டு வீட்டுச் சுவர்போலத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்கும், எந்த வீட்டுச் சத்தம் என்று தெரியாது. அதுவும் தண்ணீர் எப்போதும் சோற்றோடுதான் உள்ளே போகிறது, தின்றபின் குடித்துப் பழகிவிட்டோம். தெளிந்தால், சோறு தெளிய வைத்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

அப்புறம்தான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கார்டிங் ஆட்கள் எல்லாரும் கன்னத்தில் பாக்கு அடக்கியிருப்பார்கள், பஞ்சுத்தூசி தொண்டைக்குப் போகாது என்று நம்பிக்கை. நாக்கு வறளாது. வியர்வை மட்டும் ஆறாக ஓடும். மில் தொட்டித் தண்ணீர் உப்பு, தொட்டியும் தூரம், மிஷினை விட்டு நகர்ந்தால் மேஸ்திரி முறைப்பான், குடித்தால் அப்புறம் வெளியே போக வேண்டிவரும் என்று வேறு பயம். ஆகவே குடிக்க மாட்டார்கள். ஊரில் அவன் இதைவிட வெயிலில் வேலை செய்தானே, அப்போது ஏன் இந்தப் பசி இல்லை என்று நான் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் இரண்டு பேரும் சுவருக்கு மேலே தெரிந்த அவள் வீட்டுப் பரணில் கிடந்த கூழ்க்கலயத்தைப் பார்த்தோம். கூழில் பாதிக்குமேல் தண்ணீர். அவன் குடிக்காமலே குடித்துக்கொண்டிருந்தான். இவள் கௌரவமாக நெல்லஞ்சோற்றை உதிரி உதிரியாகப் புரட்டிக் கொடுத்து அந்தத் தண்ணீரையும் நிறுத்திவிட்டாள், மேலே முறுக்கும் உப்பும் வேறு.

அடுத்து வந்த நாட்களில் அவள் தன்மேலேயே பரீட்சை பார்த்தாள். வேளைகெட்ட வேளையில் வயிறு எதையாவது கேட்டால் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் கொஞ்சம் சும்மா இருப்பாள். பல தடவை அது ஓடிப்போனது. சில தடவை போகவில்லை, இன்னும் அழுத்திப் பிடித்தது. அப்போது அது நிஜப் பசி, உட்கார்ந்து சாப்பிட்டாள். எல்லாப் பசியும் தண்ணீர் என்று சொல்கிற பைத்தியக்காரி அல்ல அவள்.

அன்றே புருஷனிடம் சொல்லியிருக்கலாம். ‘உங்களுக்குப் பசி இல்லைங்க, தவிப்பு. தண்ணி குடிங்க’ என்று ஒரு வார்த்தை. நான் சொல்லச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சொன்னால் பேர் தண்ணீருக்குப் போய்விடுமாம், தன் கைக்கு வராதாம். அந்தச் சாய்ந்த பல்காரியிடமிருந்து புருஷனைத் தன் கைப்பக்குவம்தான் மீட்டது என்று இருக்க வேண்டும், தண்ணீர் மீட்டது என்று இருக்கக்கூடாது. வயிற்றெரிச்சலுக்கு இவ்வளவு சாமர்த்தியம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவளுக்குச் சீராக வந்த பித்தளைக் கூஜா ஒன்று இருந்தது. புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று ஆக்கினாள். பாவாத்தாள் எந்தத் தோட்டத்தில் தண்ணீர் எடுக்கிறாளோ அதையும் விசாரித்துக் கண்டுபிடித்து, அவளுக்கு முந்தியே போய் எடுத்துவந்தாள். அந்தத் தண்ணீரில் சோறு ஊறவைத்து, நீராகாரம் எடுத்து, நான் கொடுத்த எருமை மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கூஜாவில் ஊற்றித் திருகி மூடிக் கொடுத்தாள். முறுக்கும் பொட்டுக்கடலையும் நின்றன. சோற்றில் ரசம் ஏறியது. இது என்ன புதுசாக என்று அவன் கேட்டதற்கு, ஒரு பக்குவம், உடம்புக்கு நல்லது, கேள்வி கேட்காமல் குடியுங்கள் என்றாள்.

பலித்தது. ராத்திரியில் அரங்கசாமி இலையை விட்டு எழாமல் சாப்பிட்டான். சட்டைப் பையில் கடலைத்தோல் நின்றுபோயிற்று. ஒரு ராத்திரி அவன் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

“உன்ற கையில என்னமோ இருக்குது அம்மணி. இப்பெல்லாம் அந்தக் கண்டபடி பசி வாரதில்லை.”

அதற்கு மறுநாள் தெய்வாத்தாள் லைனில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் பிடிக்கிற இடத்தில், துவைக்கிற கல்லில், எங்கு பார்த்தாலும் அவள் கையின் மகிமைதான் பேச்சு. இரகசியத்தை மட்டும் விடவில்லை. கார்டிங்கில் இருந்த மற்றவர்களின் பெண்டுகள், தங்கள் புருஷர்களும் கடலைக்கே காசைக் கரைக்கிறார்கள் என்று வந்து பக்குவம் கேட்டார்கள். சிரித்து மழுப்பினாள். தண்ணீரை வைத்துக்கொண்டே எங்கள் எல்லாருக்கும் தண்ணி காட்டினாள்.

அத்தோடு இருந்திருந்தால் கதை இல்லை. ஜெயித்தவளுக்குத் தோற்றவளின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருக்கும்போல. ஆடி பிறக்கப் போகிற சமயம், காற்றும் புழுதியுமாக ஒரு சாயங்காலம், நோம்பிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து என்னையும் கிளப்பினாள். சும்மா கேட்டுப் பக்கம் போய்வரலாம் என்றாள். சும்மா போகிறவள் கண்ணுக்கு மையிட்டுக்கொள்வாளா? எனக்கு விளங்கிவிட்டது, ஆனாலும் போனேன். பார்க்க எனக்கும் ஆசைதான்.

இந்தத் தடவை முக்காடு இல்லை. அதே வண்டிப்பேட்டைச் சுவரோரம் நின்றோம். சங்கு ஊதியது. வெள்ளைத் தலையோடு ஆட்கள் கொட்டினார்கள். வேப்பமரத்தடியில் வழக்கம்போல் கூட்டம். கடலைக்குக் கை நீண்டது, கடலை வந்தது, தின்றார்கள், அப்புறம் பானை திறந்தது, கையில் தண்ணீர் விழுந்தது. ஒருவன் முதலில் தண்ணீர் கேட்டான், அவனுக்கும் அதே வயித்தைப் பிடிக்கும் கதைதான். தெய்வாத்தாள் என் விலாவில் இடித்துச் சிரித்தாள். முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டால் பசி போய்விடும், பசி போனால் கடலை யாருக்கு வேண்டும்? பாவாத்தாளின் பிழைப்பே அந்த முன்பின்னில் இருந்தது. நாங்கள் கண்டுபிடிக்க ஒரு சித்திரை வெயில் ஆனது, அவள் அதை என்றைக்கோ தெரிந்து வைத்திருந்தாள். கெட்டிக்காரிதான் என்று தெய்வாத்தாள்கூட ஒப்புக்கொண்டாள். தோற்றவளைக் கொஞ்சம் புகழ்வதில் நஷ்டம் இல்லையே.

அப்போது அரங்கசாமி வந்தான். கூஜா கையில் ஆடிக்கொண்டிருந்தது. காலியாக இருந்தது என்று அது ஆடுகிற ஆட்டத்திலேயே தெரிந்தது. மத்தியானச் சோற்றோடு அது தீர்ந்துபோயிருக்கும், அதற்கப்புறமும் அரைநாள் அந்தப் புழுக்கத்தில் நின்றிருக்கிறான். அவன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராக வேப்பமரத்துக்குப் போனான்.

பாவாத்தாள் அவனைப் பார்த்தாள். அவன் வாய் திறக்கவில்லை. முன்னால் நின்றவனுக்குக் கடலை அளந்துகொண்டிருந்தவள் அதை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பி, பானையைத் திறந்து, செம்பை எடுத்து உயர்த்தினாள். அவன் குனிந்து கையேந்தினான். அவள் ஊற்றினாள், அவன் போதும் என்று தலையசைக்கும்வரை ஊற்றினாள். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான். கடலை வாங்கவில்லை, அவள் நீட்டவும் இல்லை. ஏதோ ஒரு வார்த்தை சொன்னான், அவள் தலையாட்டினாள், அவன் நடையைக் கட்டினான். அவ்வளவுதான் நடந்தது.

பார்க்கிறவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஒருத்தி தண்ணீர் ஊற்றினாள், ஒருவன் குடித்தான். அவன் கண் அவள் முகத்தில் ஒரு கணம்கூட நிற்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. சண்டை போட ஒரு நுனி கிடைக்காது. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் அங்கே எது முதலில் வர வேண்டும், எது பிறகு வர வேண்டும் என்று தெரிந்தவர்கள். தெய்வாத்தாளின் மையிட்ட கண் அப்படியே நின்றுவிட்டது. நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் உதறிவிட்டு மரத்தடிக்குப் போனாள். கூட்டம் கலைந்திருந்தது. நான் பின்னாலேயே போனேன்.

“எனக்கும் மொதல்ல தண்ணி ஊத்துங்க” என்றாள்.

பாவாத்தாள் வழக்கப்படி, ஏதாச்சும் கடிச்சுப்போட்டுக் குடிங்க அம்மணி என்று ஆரம்பித்தாள்.

“அவருக்கு மட்டும் எதுக்குங்க மொதல்லயே ஊத்துனீங்க?”

பாவாத்தாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். நோம்பிச் சேலை, மையிட்ட கண். யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். பொய் சொல்லியிருக்கலாம். நான் அவள் பொய் சொல்ல வேண்டும் என்றுதான் நின்றுகொண்டிருந்தேன்.

“அவருக்குப் பசி இல்லைங்க, தவிப்புத்தான். அது அவருக்குத் தெரியாதுங்க.” செம்பைப் பானைமேல் கவிழ்த்து வைத்தாள். “நமக்குத் தெரிஞ்சிருந்தும் மேல மேல அவரை ஏமாத்த எனக்கு மனசு வரலீங்க.”

நமக்கு என்று அவள் பொதுவாகத்தான் சொன்னாள். கடலை விற்கிறவளுக்குத் தெரியும் என்று அர்த்தம். ஆனால் அந்த வார்த்தை போய் விழுந்த இடம் வேறு. இவளுக்கும் தெரிந்திருந்தது. அதே தோட்டத்துத் தண்ணீரை எடுத்து வந்து, பக்குவம் என்று பேர் வைத்து, திருகி மூடி, தன் கையின் மகிமை என்று அவனை நம்ப வைத்திருந்தாள். ஊரையெல்லாம் ஏமாற்றிப் பிழைக்கிற ஒருத்தி அவன் ஒருவனை இனி ஏமாற்ற மாட்டேன் என்று வைத்திருக்கிறாள். கழுத்தில் தாலியோடு நிற்கிறவளுக்கு அந்த மனசு வரவில்லை. புருஷன் அங்கே தினமும் ஒரு படி கடலை வாங்கித் தின்றிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

பாவாத்தாள் செம்பை எடுத்து, குடிங்க அம்மணி, உங்களுக்கும் ஊத்தறேன் என்று நீட்டினாள். புழுதிக் காற்றில் நின்று நின்று எங்கள் இருவருக்கும் தொண்டை காய்ந்துபோயிருந்தது. நான் கையேந்தக்கூடத் தயாராகிவிட்டேன். தெய்வாத்தாள் இரண்டு கையையும் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

“எனக்குத் தண்ணி வேண்டாமுங்க. கடலை குடுங்க. காசுக்குக் குடுங்க.”

பாவாத்தாள் தயங்கினாள், அப்புறம் ஒரு கை அள்ளிச் சுற்றிக் கொடுத்தாள். தெய்வாத்தாள் காசைக் கோணிமேல் வைத்தாள். வீடு வருகிற வழியெல்லாம் அந்த உப்புக்கடலையை ஒவ்வொன்றாகத் தோலோடு மென்று விழுங்கிக்கொண்டே வந்தாள். தொண்டையில் அடைத்தது, இருமினாள், மறுபடி ஒன்று போட்டாள். அவளுக்குப் பசி கொஞ்சமும் இல்லை.